ஊதா மூடிக் குழாயிலிருந்து வந்த பொட்டாசியம்

கேள்வி: என் தாயாருக்கு வயது 63. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருப்பதால் வார்ஃபரின் மாத்திரையும், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் சாப்பிடுகிறார். சென்ற வாரம் லேபில் நீலம், மஞ்சள், ஊதா மூடிக் குழாய்களில் ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் குழாயில் ரத்தம் போதவில்லை என்று ஊதா குழாயைத் திறந்து அதிலிருந்து கொஞ்சம் ஊற்றினார்கள். மாலையில் பொட்டாசியம் 7.9, கால்சியம் 4.8, உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்கள். அங்கே பச்சை மூடிக் குழாயில் எடுத்தபோது 4.3, 9.1 என்று வந்தது. நீலக் குழாயும் பாதிதான் நிறைந்திருக்கிறது என்று மறுபடி ரத்தம் கேட்கிறார்கள். எல்லாம் ஒரே ரத்தம்தானே டாக்டர், ஏன் இப்படி? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முதலில் உங்கள் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். அந்த 7.9 உங்கள் தாயாரின் உடலில் இருந்த பொட்டாசியத்தின் அளவு அல்ல. அதில் ஏறக்குறையப் பாதி, ஊதா மூடிக் குழாயின் உட்சுவரில் பூசப்பட்டிருந்த மருந்திலிருந்து வந்தது. ஊற்றியதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது.

உடலை விட்டு வெளியே வந்த ரத்தம் சில நிமிடங்களில் உறையத் தொடங்கும். அப்படி உறைவதற்குக் கால்சியம் அவசியம். ஊதா மூடிக் குழாயில் உள்ள இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள், ரத்தத்தில் உள்ள கால்சியத்தை இறுகப் பற்றிக்கொண்டு, உறைதல் தொடங்கவே விடாமல் செய்கிறது. ரத்த அணுக்களின் அளவும் வடிவமும் சில மணி நேரத்துக்குப் பெரிதாக மாறாமல் இருப்பதால், அணுக்களை எண்ணும் சி.பி.சி. பரிசோதனைக்கும், மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கும் இந்தக் குழாயே ஏற்றது.

ஆனால் இ.டி.டி.ஏ. தனியாகக் குழாய்க்குள் வருவதில்லை; நன்றாகக் கரைய வேண்டும் என்பதற்காக அதைப் பொட்டாசியம் உப்பாகவே சேர்க்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்குச் சுமார் 1.8 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. பார்க்கச் சொற்பமாகத் தெரிந்தாலும், கணக்கிட்டால் இது ஒரு லிட்டர் ரத்தத்துக்கு ஏறக்குறைய 9 மில்லிமோல் பொட்டாசியம் ஆகிறது. இந்தப் பொட்டாசியம் அணுக்களுக்குள் போகாமல் அவற்றைச் சுற்றியுள்ள பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியிலேயே தங்கிவிடுவதால், அங்கே அளவு லிட்டருக்குச் சுமார் 15 மில்லிமோல் கூடிவிடும். ஆரோக்கியமான ஒருவருக்கு இருக்க வேண்டியதே 3.5 முதல் 5 வரைதான். உங்கள் தாயாரின் உண்மை அளவு 4.3 என்றால், அது 7.9 ஆக உயர்வதற்கு, மஞ்சள் குழாயில் இருந்த ரத்தத்தில் கால் பங்கு ஊதா குழாயிலிருந்து வந்திருந்தாலே போதும். கூடவே வந்த இ.டி.டி.ஏ. மஞ்சள் குழாயில் இருந்த கால்சியத்தையும் பற்றிக்கொண்டதால், கருவியால் அதை அளக்க முடியாமல் போய் 9.1 இருக்க வேண்டிய இடத்தில் 4.8 என்று வந்தது.

இவ்வகைப் பிழையை அறிக்கையைப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பொட்டாசியம் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு, நோயாளியோ கைகால் இழுப்பு எதுவும் இல்லாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், மருத்துவருக்கு முதலில் வர வேண்டிய சந்தேகம் ஊதா மூடிதான். கல்லீரல் பரிசோதனையும் அதே குழாயில் செய்திருந்தால் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற வரியைப் பாருங்கள். அந்த நொதி வேலை செய்வதற்குத் துத்தநாகமும் மெக்னீசியமும் தேவை, அவற்றையும் இ.டி.டி.ஏ. பற்றிக்கொள்வதால், பழைய அறிக்கையில் இருந்ததைவிட அந்த எண் வெகுவாகச் சரிந்திருக்கும். இந்த மூன்றும் ஒருசேர ஒருவருக்கு உண்மையிலேயே வருவது அபூர்வம்.

அதற்காக லேபில் சொன்னதைக் கேட்டு நீங்கள் மருத்துவமனைக்கு விரைந்தது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். டெல்மிசார்ட்டன் பொட்டாசியத்தை உண்மையிலேயே கூட்டக்கூடிய மருந்து. 7.9 என்பது உண்மையாக இருந்தால் இதயத் துடிப்பு நின்றுபோகக்கூடிய அளவு. எனவே உடனே ஈ.சி.ஜி. எடுத்து, புதிதாக ரத்தம் எடுத்துச் சரிபார்ப்பதுதான் முறை. சந்தேகம் இருக்கிறது என்று வீட்டிலேயே காத்திருப்பது முறையல்ல.

எனக்கு அதிகக் கவலை தருவது இப்படி அப்பட்டமாகத் தெரியும் பிழை அல்ல, சிறிய அளவில் நேரும் கலப்புதான். ஊதா குழாயை முதலில் நிரப்பிவிட்டு, அந்த மருந்து பட்ட ஊசிமுனையாலேயே அடுத்த குழாயை நிரப்பினால், கால்சியம் சற்றே குறைந்தும் பொட்டாசியம் ஓரளவு கூடியும் வரக்கூடும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டுப் பொட்டாசியம் 3-க்குக் கீழே இறங்கிவிட்ட ஒருவருக்கு அப்படி நடந்தால், அறிக்கையில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். அவருக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை கிடைக்காமல் போகும். இதற்காகவே ரத்தம் எடுப்பதற்கு ஒரு வரிசை வகுக்கப்பட்டிருக்கிறது: நீலம் முன்னே, பிறகு மஞ்சள் அல்லது சிவப்பு, அதற்குப் பிறகு பச்சை, அதன்பின் ஊதா, கடைசியில் சர்க்கரைக்கான சாம்பல் நிற மூடி. எந்தக் குழாயையும் திறந்து மற்றொன்றில் ஊற்றக் கூடாது என்பது இதைவிடவும் கண்டிப்பான விதி. ரத்தம் போதவில்லை என்றால் மறுபடி குத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இனி நீலக் குழாய்க்கு வருவோம். வார்ஃபரின் சாப்பிடுபவருக்குப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அளப்பது. எனவே வழியில் உறையாமலும் இருக்க வேண்டும், லேபில் வேண்டும்போது உறையவும் வேண்டும். நீல மூடிக்குள் இருக்கும் சோடியம் சிட்ரேட்டும் கால்சியத்தைத்தான் பிடிக்கிறது, ஆனால் இ.டி.டி.ஏ. போல இறுகப் பிடிப்பதில்லை. லேபில் பிளாஸ்மாவைப் பிரித்து, அளவறிந்து கால்சியம் சேர்த்தவுடன் உறைதல் தொடங்கிவிடும். அந்த நொடியிலிருந்து நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். இ.டி.டி.ஏ.வின் பிடியை அந்த அளவுக் கால்சியத்தால் அப்படி ஈடுகட்ட முடியாது என்பதோடு, உறைதலுக்குத் தேவையான ஐந்தாம், எட்டாம் காரணிகளும் அதில் நிலைத்து நிற்பதில்லை.

சிட்ரேட் திரவமாக இருப்பதால் இங்கே அளவுதான் எல்லாம். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. வழக்கமான சிறிய குழாயில் 0.3 மில்லிலிட்டர் சிட்ரேட் முன்பே இருக்கும், 2.7 மில்லிலிட்டர் ரத்தம் சேர வேண்டும். குழாயில் அதற்கான கோடு இருக்கிறது. பாதி ரத்தம் மட்டும் வந்தால், ரத்தத்துக்குச் சிட்ரேட் இரு மடங்காகிவிடும். லேபில் சேர்க்கும் கால்சியத்தையும் அந்த உபரிச் சிட்ரேட் விழுங்கிவிடுவதால், ரத்தம் உறைய உண்மையில் ஆவதைவிட அதிக நேரம் ஆகிறது. ஐ.என்.ஆர். கூடிவிட்டது என்று நம்பி மருத்துவர் வார்ஃபரினைக் குறைத்துவிட்டால், செயற்கை வால்வின் மேல் ரத்தக்கட்டு படியும் ஆபத்து உங்கள் தாயாருக்கு வரும். எனவே அந்தக் குழாயைப் பரிசோதிக்க மறுத்தது அவர்கள் செய்த நல்ல காரியம். பாதி நிறைந்த இரண்டு நீலக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்தாலும் விகிதம் சரியாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக் குறைந்துபோவதற்குப் பல நேரங்களில் சிறகு வைத்த மெல்லிய ஊசிதான் காரணம். அதன் நீண்ட பிளாஸ்டிக் இழைக்குள் இருக்கும் காற்று, முதலில் செருகும் குழாய்க்குள் போய்விடுகிறது. குழாயின் வெற்றிட இழுப்பு அந்தக் காற்றுக்கே செலவாகி, ரத்தம் கோட்டைத் தொடாமல் நின்றுவிடுகிறது. நரம்பு மெலிந்த முதியவர்களுக்கு இந்த ஊசியைத்தான் பயன்படுத்துவார்கள் என்பதால், முதலில் ஒரு வெற்று நீலக் குழாயைச் செருகிக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பிறகு உண்மையான குழாயை நிரப்பும்படி கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

மருத்துவமனையில் பச்சை மூடியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. மஞ்சள் குழாயில் ரத்தம் முழுமையாக உறைந்து சீரம் பிரியக் குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சைக் குழாயில் உள்ள ஹெப்பாரின் ரத்தத்தை உறையவிடாது என்பதால் உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிடலாம். ஹெப்பாரின் கால்சியத்தைப் பற்றி வேலை செய்வதும் இல்லை. ரத்தத்திலேயே உள்ள ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தின் வலிமையைப் பல மடங்கு கூட்டி, அதன் வழியாக உறைதலைத் தடுக்கிறது. பெரும்பாலும் லித்தியம் உப்பாக வருவதால் அதில் கூடுதல் பொட்டாசியமும் இல்லை. எனவே அவசரத்தில் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் பார்க்க அதுவே பொருத்தம்.

அவ்வளவு நல்லதென்றால் எல்லாவற்றுக்கும் பச்சையையே பயன்படுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஐ.என்.ஆர். பார்க்க முடியாது, ஏனென்றால் உறைதலைத் தடுக்கும் மருந்தே ரத்தத்தில் கலந்திருக்கிறது. சி.பி.சி.க்கும் ஆகாது: வெள்ளணுக்களும் தட்டணுக்களும் அதில் திரண்டு ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை பிழைபடும், கண்ணாடித் தகட்டில் சாயமேற்றிப் பார்க்கும்போது பின்புலம் முழுவதும் நீலம் பாய்ந்து அணுக்களின் நுணுக்கம் தெரியாமல் போகும். லித்தியம் மாத்திரை சாப்பிடும் மனநோயாளிக்கு லித்தியம் அளவைப் பார்க்க லித்தியம் ஹெப்பாரின் குழாயைப் பயன்படுத்தினால், இல்லாத நச்சுத்தன்மை இருப்பதாகவே காட்டும்.

உங்கள் தாயாருக்கு இப்போது செய்ய வேண்டியவை இரண்டு. ஐ.என்.ஆர். ரத்தத்தைத் தாமதிக்காமல் மறுபடி கொடுங்கள். அந்த முடிவு வரும்வரை வார்ஃபரின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். 7.9 என்ற அறிக்கையைப் பார்த்து யாராவது டெல்மிசார்ட்டனை நிறுத்தச் சொல்லியிருந்தால், 4.3 என்ற புதிய அறிக்கையை இதய மருத்துவரிடம் காட்டி, மறுபடி தொடங்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். பழைய அறிக்கையின் மேல் "மாதிரியில் இ.டி.டி.ஏ. கலப்பு" என்று எழுதிக் கோப்பில் வைத்துவிடுங்கள்; நாளை வேறொரு மருத்துவர் அதைப் பார்த்து, அந்த மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.