சாப்பிட்டதும் வயிறு அழைப்பது ஏன்? கேள்வி பதில்

காலை 8 மணிக்குச் சாப்பிட்டால் 8.20-க்கு டாய்லெட்டில் இருக்கிறேன். சாப்பிட்டது உடம்பில் தங்கவே இல்லையா?

தங்கியிருக்கிறது. 8.20-க்கு அந்தச் சாப்பாட்டில் பெரும்பகுதி இன்னும் இரைப்பையில்தான் கிடக்கும். அது அங்கிருந்து இறங்கி முடிய சில மணி நேரம், சிறுகுடலைக் கடக்க இன்னும் சில மணி நேரம். பெருங்குடலில் ஒரு நாள், பலருக்கு அதற்கும் மேல். ஆக, வெளியே வந்தது நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டது.

சாப்பாடு விழுந்து இரைப்பை விரிந்ததும் நரம்பு வழியே பெருங்குடலுக்குச் சேதி போய்விடுகிறது. கூடவே, கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்தைத் தொடும்போது கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இரண்டும் சேர்ந்து பெருங்குடல் தசையை முடுக்கிவிட, ஏற்கெனவே அங்கிருந்த கழிவு மலக்குடலுக்குள் தள்ளப்படுகிறது. மலக்குடல் விரியும்போதுதான் 'வருகிறது' என்று தெரியும். காஸ்ட்ரோகோலிக் ரிஃப்ளெக்ஸ் என்பது இதுதான். மேலே சரக்கு வருகிறது, கீழே இடம் காலியாகிறது.

தூங்கும்போது பெருங்குடல் அடங்கிக் கிடக்கும், விழித்ததும் சுறுசுறுப்பாகும். அதன் மேல் முதல் சாப்பாடும் விழுவதால் காலையில் இது வலுவாக இருக்கும். சாப்பாடு பெரிதாகவும் கொழுப்பு மிகுந்தும் இருந்தால் இன்னும் வலு.

நீங்கள் சொல்வது தவறு. மக்காச்சோளம் சாப்பிட்ட அரை மணியில் சோளம் அப்படியே வந்தது. கண்ணால் பார்த்தேன்!

பார்த்தது சோளம்தான், சந்தேகமில்லை. எந்த வேளைச் சோளம் என்பதுதான் கேள்வி. அதன் தோல் செரிக்காது, வந்தால் தெரியும். சோதித்துப் பாருங்கள்: ஒரு வாரம் சோளத்தைத் தொடாதீர்கள். பிறகு ஒரு கைப்பிடி வேகவைத்துச் சாப்பிட்டு நேரத்தைக் குறித்துவையுங்கள். மலத்தில் முதல் சோள மணி எப்போது தென்படுகிறது என்று பாருங்கள். திங்கள் காலை 8-க்குச் சாப்பிட்டு செவ்வாய் மாலை 4-க்கு வந்தால், உங்கள் பயண நேரம் 32 மணி.

முந்தின நாளும் சாப்பிட்டிருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயிற்றுப்போக்கில் எல்லாம் வேகமாகத்தானே ஓடுகிறது?

பாதி சரி. அப்போது ஒரு நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கலாம். அரை மணியாகச் சுருங்காது.

எனக்குச் சாப்பாடே வேண்டாம், காபி போதும். காஃபின்தானே காரணம்?

காஃபின் மட்டும் இல்லை. காஃபின் நீக்கிய காபியும் சிலருக்குப் பெருங்குடலைத் தூண்டுகிறது, குடித்த சில நிமிடங்களிலேயே. வெந்நீரில் அந்த அளவு விளைவு இல்லை. எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்பது முடிவாகவில்லை. எல்லாருக்கும் இப்படி ஆவதும் இல்லை.

சாப்பிட்டதும் போகிறேன், செரிமானம் இல்லையா?

முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

எனக்கு நேர்மாறு. மூன்று நாளைக்கு ஒருமுறைதான், அதுவும் முக்கி முக்கி. இதில் எனக்கு ஏதாவது உண்டா?

உங்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள், உணர்வு லேசாக இருந்தாலும் போய் உட்காருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் குட்டை முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரும்படி முன்னால் சாயுங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள், முக்க வேண்டாம். போனை வெளியே வையுங்கள்.

வேலை இருக்கிறது என்று அடக்குவதுதான் பலரிடம் கோளாறு. அடக்கினால் மலக்குடல் தளர்ந்து கொடுத்து உணர்வு மறைந்துவிடும், மலத்திலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு அது இறுகும். அடிக்கடி அடக்கினால் உணர்வே மழுங்கும்.

கைக்குழந்தை ஒவ்வொரு முறை பால் குடித்ததும் போகிறது. மருந்து கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு இந்த ரிஃப்ளெக்ஸ் வலு அதிகம். எடை ஏறுகிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். மலத்தில் ரத்தமோ, தண்ணீராகப் போவதோ இருந்தால் குழந்தை மருத்துவர்.

சாப்பிட்டதும் வயிறு முறுக்கி வலிக்கும், போனால் குறையும். வெளியே சாப்பிடவே பயம். இதுவும் நார்மலா?

அதே ரிஃப்ளெக்ஸ்தான், ஆனால் உங்கள் குடல் அதற்கு மிகையாகத் துள்ளுகிறது. குடல் எளிதில் எரிச்சலடையும் ஐபிஎஸ் என்ற கோளாறு உள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படும். ஒரே பெரிய சாப்பாட்டைப் பிரித்து, கொழுப்பைக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். வெளியே கிளம்பும் நாளில் அந்த வேளையை மட்டும் சின்னதாக்குங்கள். பித்தப்பை எடுத்த பிறகு தொடங்கியது என்றால் பித்த அமிலம் காரணமாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முன்பே சொல்லியிருக்க வேண்டும்: மலத்தில் ரத்தம், தூக்கத்தை எழுப்பும் பேதி, காரணமில்லாத எடைக் குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ரிஃப்ளெக்ஸ் என்று தள்ளிவிடாதீர்கள், மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ரத்தம் கொஞ்சம்தான், மூலமாக இருக்கும் என்று...

மேலே எழுதியதையே மறுபடி: பரிசோதனை.

மறுபடி சோளக்காரன். ஒரு வாரம் காத்திருக்க முடியாது, பீட்ரூட் சரிப்படுமா?

சரிப்படும். சிவப்பைப் பார்த்து ரத்தம் என்று பதறாதீர்கள்.