“குறைந்தது 100 பேர்” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

கேள்வி: “விழாக்களுக்கு கேட்டரிங் செய்யத் தொடங்கியிருக்கிறேன். படத்துக்குக் கீழே போடும் கேப்ஷனில் மெனு வகை, குறைந்தபட்ச ஆட்கள், எத்தனை நாள் முன்பு புக் செய்ய வேண்டும் என்பதெல்லாம் எழுத வேண்டுமா? எழுதினால் வருகிறவர்களும் ஓடிவிடுவார்களோ?”

கட்டாயம் எழுதுங்கள். எண்ணிக்கையைப் பார்த்து விலகிப் போகிறவர், எழுதாமல் விட்டாலும் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசிவிட்டு விலகத்தான் போகிறார். என் கவலை வேறு. நீங்கள் இப்போதுதான் தொடங்கியிருப்பதால், பெரிய சமையல் குழுக்களின் கேப்ஷனைப் பார்த்து, வகைகளை ஒரு வரியிலும் ஆட்களை அடுத்த வரியிலும் நாள்களை மூன்றாவது வரியிலுமாக எழுதப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். வம்பு அங்கேதான் முளைக்கிறது. ஒவ்வொரு மெனு வகைக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை வேறு, முன்பதிவு நாளும் வேறு. அதற்கும் மேலாக, அந்தக் குறைந்தபட்சம் பில்லுக்கா சமையல் அளவுக்கா என்பதைச் சொல்லாமல் விட்டால், விழா முடிகிற நேரத்தில் அது சண்டையாக வந்து நிற்கும்.

நான் ஒரு கேட்டரிங் குழுவில் ஆர்டர்களைப் பேசி முடிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஒருமுறை எங்கள் பக்கத்துக்கான வாசகத்தை நான் எழுதிக் கொடுத்தபோது, “குறைந்தது 100 பேர்” என்பதை அடுத்து, “இது பில்லுக்கான குறைந்தபட்சம், நீங்கள் உறுதி செய்த ஆட்களுக்கே சமைக்கப்படும்” என்று தெளிவாக எழுதியிருந்தேன். விளம்பரப் படம் வடிவமைத்தவர், நீளமாக இருக்கிறது, யாரும் படிக்கமாட்டார்கள் என்று சொல்லி, என்னைக் கேட்காமலேயே இரண்டாவது வாக்கியத்தை வெட்டிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அழகுக்காக வெட்டுகிறவருக்கு, வெட்டிய வரியின் மேல் நின்றுகொண்டு வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டிய வேலை கிடையாது.

அந்தப் பதிவைப் பார்த்து ஒரு குடும்பத்தார் பஃபே கேட்டு வந்தார்கள். அவர்கள் வீட்டு விழாவுக்கு 70 பேர்தான். எங்கள் குறைந்தபட்சத்தைச் சொன்னதும், 100 பேருக்கான தொகையைக் கொடுக்கிறோம் என்று தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். நாங்கள் வழக்கம்போல, சொன்ன எண்ணிக்கைக்கு மேல் 5 விழுக்காடு சேர்த்து, ஏறக்குறைய 74 பேருக்குச் சமைத்தோம். விழா குறையில்லாமல் நடந்தது. பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டுக்காரர் வந்து, மீதி 30 பேர் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டித் தாருங்கள் என்றார். நான் விளக்கத் தொடங்கியதும் கைப்பேசியைத் திறந்து, எங்கள் கேப்ஷனை அவர் எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கி, “100” என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பக்கத்தில் பஃபே மேசையில் இருந்த பாத்திரத்தில் கரண்டி அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. 30 பேருக்குக் கட்டிக் கொடுக்க அங்கே எதுவும் இல்லை என்பது அவர் கண்ணுக்கே தெரிந்தது. 100 பேருக்குப் பணம் வாங்கியதும் அதே அளவுக்குத் தெரிந்தது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

சமையற்கட்டில் மூடிபோட்டு ஆவி பறக்கும் சூட்டில் வைத்திருந்த சிறிதளவை மட்டும் கட்டிக் கொடுத்தோம். மேசையில் சூடு தணிந்து திறந்தபடி கிடந்ததைக் கட்டித் தர நான் சம்மதிக்கவில்லை. சமைத்த உணவைப் பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடிப்படை விதி. மறுநாள் யாருக்காவது வயிறு கெட்டால் அந்தப் பொட்டலத்தின் மேல் எங்கள் பெயர்தான் இருக்கும். ஆகையால் மீதத்தைப் பற்றியும் கேப்ஷனில் ஒரு சொல் இருப்பது நல்லது.

ஏன் இப்படி ஒரு குறைந்தபட்சம் என்று வாடிக்கையாளர் கேட்டால், கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு தட்டுக்கு வாங்கும் விலையில் பாதி மளிகைக்கும் காய்கறிக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதிப் பாதியிலிருந்துதான் வண்டி வாடகை, தலைமைச் சமையல்காரர் கூலி, உதவியாள் கூலி, எரிவாயு, பாத்திரம் ஏற்றி இறக்கும் செலவு எல்லாம் வர வேண்டும். 30 பேர் வந்தாலும் 90 பேர் வந்தாலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது. அது 25 தட்டுகளின் முழு விலைக்குச் சமம் என்றால், ஒரு தட்டுக்குப் பாதி விலையே கையில் நிற்பதால், 50 பேருக்குச் சமைத்தால்தான் கைநட்டம் இல்லாமல் வரும். உழைப்புக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமென்றால் 60 அல்லது 70 என்று வைக்க வேண்டும். உங்கள் செலவைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள். அடுத்தவர் 100 என்று போட்டிருப்பதால் நீங்களும் 100 என்று போட்டால், அது அவருடைய வண்டிக்கும் அவருடைய ஆட்களுக்கும் வந்த எண்தானே தவிர உங்களுடையது அல்ல.

இந்தக் கணக்கை வகைவாரியாகச் செய்தால், ஒரே எண் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பது தெரிந்துவிடும். பஃபேயில் பதார்த்தங்கள் அதிகம். ஆள்கள் குறைந்தால் ஒவ்வொன்றின் அளவும் மிகச் சிறியதாகிவிடும். பெரிய பாத்திரத்தின் அடியில் மெல்லிய படலமாகக் கிடக்கும் உணவு சமைக்கும்போதே அடிபிடிக்கும், மேசையில் சூடேற்றும் தட்டில் வைத்தால் வறண்டு போகும். கடைசியில் வருகிறவருக்கும் எல்லாப் பாத்திரத்திலும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்பதால் வீணாவதும் பஃபேயில்தான் கூடுதல். எனவே அதற்குக் குறைந்தபட்சம் உயரமாகத்தான் இருக்க வேண்டும். உட்கார வைத்துப் பரிமாறும் முறையில் அளவு நம் கையில் இருக்கிறது; 40 பேருக்குக்கூடச் செய்யலாம். ஆனால் ஆட்கள் கூடக்கூடப் பரிமாறுகிறவர்களும் கூட வேண்டும் என்பதால் அதன் செலவு வேறு விதமாக ஏறும்.

விருந்தினர் எதிரிலேயே சமைத்துத் தரும் நேரடி அடுப்பு வகைக்கு, பலர் எழுத மறக்கும் ஒன்று தேவை. அதற்குக் குறைந்தபட்சத்தைவிட உச்ச அளவுதான் முக்கியம். ஒரு தட்டுக்கு 2 நிமிடம் ஆகுமானால் ஓர் அடுப்பில் மணிக்கு 30 தட்டுதான் வரும். 120 பேர் ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டு முடிக்க வேண்டிய விழாவில் ஒரே அடுப்பை வைத்தால், முப்பது பேருக்குக் கிடைத்து மற்றவர்கள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். “ஓர் அடுப்புக்கு மணிக்கு 30 பேர்” என்று கேப்ஷனிலேயே இருந்தால், எத்தனை அடுப்பு வேண்டும் என்பதை வாடிக்கையாளர் தாமே கணக்கிட்டுக்கொண்டு வருவார்.

வகைகளைக் கலந்து கேட்பவர்களுக்காகவும் ஒரு வாக்கியம் சேருங்கள். 70 பேரில் 40 பேருக்கு ஒரு மெனு, 30 பேருக்கு இன்னொரு மெனு என்று கேட்டால், உங்கள் குறைந்தபட்சம் 60 என்றால், மொத்தம் 70 ஆனாலும் இரண்டுமே அதற்குக் கீழேதான் இருக்கின்றன. குறைந்தபட்சம் விழாவுக்கா, மெனுவுக்கா, காலை மாலை என்று ஒவ்வொரு வேளைக்குமா என்பது எழுத்தில் இல்லாவிட்டால், ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமாகத்தான் படிப்பார்கள். அதில் அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை.

முன்பதிவில் இரண்டு நாள்கள் இருக்கின்றன. தேதியைப் பிடித்து வைக்கும் நாள் ஒன்று. இத்தனை பேர் என்று கடைசியாக உறுதி செய்யும் நாள் இன்னொன்று. முதலாவது, ஆட்களையும் வண்டியையும் ஒதுக்குவதற்காக. அதற்கு முன்பணம் வாங்க வேண்டும். இரண்டாவது, சரக்கு வாங்குவதற்காக. “10 நாள் முன்பதிவு” என்று மட்டும் போட்டால், பத்தாம் நாள் 80 பேர் என்று சொன்னவர் விழாவுக்கு முதல் நாள் மாலை 55 பேர் என்று சொல்லுவார். அதற்குள் காய் நறுக்கத் தொடங்கியிருப்பார்கள். நாங்கள் எண்ணிக்கைக்கு 3 நாள் என்று வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு கூட்டலாம், குறைக்க முடியாது. கூட்டுவதிலும் பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் அதே மெனுவைத் தர முடியுமா என்று பார்த்துத்தான் சொல்வோம்.

கேப்ஷன் என்பது விளம்பரம், ஒப்பந்தம் தனியாக எழுதுகிறோமே, இவ்வளவு எதற்கு என்று சிலர் சொல்லலாம். நான் அவர்களோடு மோத வரவில்லை. ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும். ஆனால் ஒப்பந்தத் தாளைக் கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை, கேப்ஷனைத்தான் குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பிவைக்கிறார்கள். தாளில் ஒன்றும் படத்தின் கீழே ஒன்றும் இருந்தால், படத்தின் கீழே இருப்பதைத்தான் உங்கள் வாக்காகக் கொள்வார்கள். நீளமாகிவிடும் என்ற பயமும் தேவையில்லை. நான் இப்போது பயன்படுத்தும் வாசகம் ஏறக்குறைய இவ்வளவுதான்:

“பஃபே: குறைந்தது 80 பேர், 10 நாள் முன்பு. பந்தி பரிமாறல்: குறைந்தது 40 பேர், 7 நாள் முன்பு. நேரடி அடுப்பு: மேற்கண்ட இரண்டோடு மட்டும், ஓர் அடுப்புக்கு மணிக்கு 30 பேர். குறைந்தபட்சம் என்பது ஒரு மெனுவுக்கு, ஒரு வேளைக்கு, பில் கணக்குக்கு. சமையல் நீங்கள் உறுதி செய்த ஆட்களுக்கு. முன்பணம் தந்ததும் தேதி உங்களுடையது. கடைசி எண்ணிக்கை 3 நாள் முன்பு. அதன்பின் குறைக்க இயலாது. மேசையில் திறந்து வைத்த உணவு கட்டித் தரப்படாது.”

முதல் இரண்டு வரி மட்டுமே தெரிந்து மற்றவை மடிந்துபோகும் தளங்களில், வகையும் எண்ணிக்கையும் அந்த இரண்டு வரிக்குள் வந்துவிடுமாறு பாருங்கள். தொடர்பு எண்ணும் வாழ்த்தும் கீழே போகட்டும். மேலே இருக்கும் படம் எந்த வகையோ அந்த வகையின் எண்ணிக்கைதான் முதலில் வர வேண்டும். நிறைந்த பஃபே மேசையின் படத்தைப் போட்டுவிட்டு “40 பேர் முதல்” என்று தொடங்கினால், அந்த மேசையை 40 பேருக்குக் கேட்டுத்தான் தொலைபேசி வரும்.