ஒரே பில்லில் அஞ்சாறு நம்பர், எது இன்வாய்ஸ் நம்பர்? (ஓசூர் கணக்குக்கார அக்காவிடம் கேள்வி பதில்)

சூளகிரியிலிருந்து, வேலைக்குப் புதுசு: அக்கா, வெண்டர் பில் ஒண்ணு போட்டோ எடுத்துப் போட்டிருக்கேன். இதுல எதை இன்வாய்ஸ் நம்பர்னு என்ட்ரி போடணும்?

படத்தைப் பார்த்தேன் தம்பி. மேலே HE/25-26/0412, அதன் கீழே 1187, இன்னும் கீழே 4500018837. அப்புறம் தலைப்பில் நீளமான ஐ.ஆர்.என்., ஓரத்தில் இ-வே பில் நம்பர்.

முதலில் நம்முடையதைக் கழித்துவிடுங்கள். பி.ஓ. நம்பர் நம் கம்பெனி கொடுத்தது, இன்வாய்ஸ் நம்பர் வெண்டர் கொடுத்தது. உங்கள் பர்ச்சேஸ் ஆர்டர் லிஸ்டில் 4500018837 இருக்கும், தேடிப் பாருங்கள். அது போனால் பாதி குழப்பம் தீர்ந்தது.

அடுத்து நீளம். ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் நம்பர் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. எழுத்து, எண், கோடு, சாய்கோடு மட்டும்தான் வரலாம். 64 எழுத்து ஐ.ஆர்.என். அதிலேயே அடிபட்டுப் போகும். ஆனால் இ-வே பில் 12 இலக்கம், ஐ.ஆர்.என். பக்கத்தில் வரும் அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர் 15 இலக்கம். இரண்டும் 16-க்குள் அடங்கிவிடும் என்பதால் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள், பக்கத்தில் இருக்கும் தலைப்பைப் படித்து ஒதுக்குங்கள்.

மிச்சம் இருப்பது 0412-ம் 1187-ம். இது டாலி பில். கட்டத்துக்குள் தலைப்பு சின்னதாக மேலே, மதிப்பு தடித்த எழுத்தில் கீழே. 1187 டெலிவரி நோட் கட்டத்தின் மதிப்பு. அதன் கீழ்க் கட்டமான ரெஃபரன்ஸ் நம்பர் காலியாக இருப்பதால், 1187 அந்தத் தலைப்புக்குச் சொந்தம் போல் தெரிகிறது. போட்டோ சாய்ந்திருந்தால் இன்னும் மோசம். மேல் கட்டத்தில் இன்வாய்ஸ் நம்பர் என்ற தலைப்பின் நேர் கீழே இருப்பது HE/25-26/0412, அதுதான். தேதியையும் கவனியுங்கள்: அதே தாளில் இரண்டு தேதிக் கட்டம் உண்டு, ஆர்டர் நம்பர் பக்கத்தில் இருப்பது பி.ஓ. தேதி.

சந்தேகம் தீரவில்லையா, அதே வெண்டரின் போன மாத பில்லைப் பக்கத்தில் வையுங்கள். மாறாமல் நிற்பது பெரும்பாலும் பி.ஓ. நகர்ந்திருப்பது இன்வாய்ஸ் அல்லது டெலிவரி நோட். இ-இன்வாய்ஸாக இருந்தால் க்யூஆர் கோடை ஜிஎஸ்டி செயலியில் ஸ்கேன் செய்யுங்கள், ஆவண எண் உள்ளேயே இருக்கிறது.

பர்கூரிலிருந்து: பி.ஓ. நம்பரையே பில் நம்பராப் போட்டா என்ன குடி முழுகிடும்?

முதல் பில்லுக்கு சாஃப்ட்வேர் ஒன்றும் சொல்லாது. அதே பி.ஓ.வில் இரண்டாவது லோடு வந்ததும் சாஃப்ட்வேர் 'டூப்ளிகேட்' என்று நிற்கும். யாராவது கடைசியில் -1 சேர்த்து உள்ளே தள்ளுவார்கள். ஜிஎஸ்டிஆர் 2பி-யில் வெண்டர் போட்ட நம்பரோடு ஒட்டாது. பணம் வரவில்லை என்று வெண்டர் அதே பில்லின் நகலை அனுப்புவார். இன்னொருவர் சரியான நம்பரில் என்ட்ரி போடுவார். ஒரே சரக்குக்கு இரண்டு தடவை பணம் போகும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: எங்க கூழ் ஆலைக்கு மாங்காய் தர்ற விவசாயி துண்டுச்சீட்டுல நம்பரே இல்லையே மேடம்?

அது வெண்டர் இன்வாய்ஸே இல்லை. உங்கள் சொந்தக் கொள்முதல் வவுச்சர் வரிசையில் நம்பர் போட்டுக்கொள்ளுங்கள். மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

தர்மபுரி ஆடிட்டர் ஆபீஸ் பையன்: முழுசா அடிக்கணும்னு அவசியமே இல்லை. 412-ன்னு போட்டாலே மேட்ச் ஆகுது. நாங்க அப்படித்தான் போடுறோம்.

சில சாஃப்ட்வேர் சாய்கோட்டையும் முன்னால் வரும் பூஜ்யத்தையும் விட்டுவிட்டு ஒப்பிடும், அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒரே வெண்டர் பல வரிசை வைக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. இதே வெண்டர் சரக்குக்கு HE, ஜாப் ஒர்க்குக்கு HJ என்று வைத்தால் HJ/25-26/0412-ம் வரும். உங்கள் புத்தகத்தில் இரண்டுமே 412.

அதே பையன்: எங்க கிளையன்ட்ல அப்படி ரெண்டு வரிசை வைக்கிற வெண்டர் யாரும் இல்லீங்க. அடிக்கிற நேரம் மிச்சம்.

இன்று இல்லை, சரி. ஏப்ரலில் வரிசை மறுபடி 1-லிருந்து தொடங்கும்போது 25-26 போனது எங்கே என்று தேடுவீர்கள்.

பாலக்கோட்டிலிருந்து: தேதியை வச்சுப் பிரிச்சுக்கலாமே அக்கா? தம்பி சொல்றதும் நியாயம்தான்.

தேதிக் கட்டமே இரண்டு என்று மேலே சொன்னேன். நான் தாளில் இருப்பதை அப்படியே அடிக்கிற கட்சி. நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து: 'Our Ref', 'Your Ref'னு ரெண்டு இருக்கு. இதுல எது?

இரண்டுமே இல்லை. முதலாவது வெண்டரின் கொட்டேஷனோ சேல்ஸ் ஆர்டரோ, இரண்டாவது நம் பி.ஓ.

ஓசூரிலிருந்து: பில்லில் நிறைய நம்பர் இருக்கு, எதைப் போடணும்?

முதல் பதில். முழுதாகப் படியுங்கள்.

மத்தூரிலிருந்து: கிரெடிட் நோட்டுல ரெண்டு நம்பர் இருக்கே?

அதற்கென்று தனி நம்பர் உண்டு, அதைத்தான் அடிக்க வேண்டும். பழைய இன்வாய்ஸ் நம்பர் எந்த பில்லுக்கான கழிவு என்று காட்ட மட்டும். அதைப் போட்டால் மறுபடி டூப்ளிகேட்.