பணி ஆணையில் 4,20,000: வீட்டுக்கு வருவது எவ்வளவு?

கேள்வி: எனக்குச் சென்னையில் வேலை கிடைத்துள்ளது. பணி ஆணை ஆங்கிலத்தில் இருப்பதால் மன்னார்குடியில் உள்ள பெற்றோருக்காகத் தமிழில் எழுதித் தர வேண்டும். சி.டி.சி. ஆண்டுக்கு 4,20,000 என்றதும், மாதம் 35,000 வரும் என்று அப்பா மாதம் 20,000 ரூபாய் கட்டும் சீட்டுக்குப் பேசத் தொடங்கிவிட்டார். எப்படி எழுதுவது?

பதில்: சி.டி.சி. என்பதைச் 'சம்பளம்' என்று எழுதாதீர்கள். 'உங்கள் பொருட்டு நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு' என்று எழுதுங்கள். களத்தில் குவித்த நெல் அத்தனையும் பத்தாயத்துக்கு வராது என்பது உங்கள் தந்தைக்குத் தெரிந்த கணக்குதான்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் அடிப்படைச் சம்பளம் மாதம் 17,500 ரூபாய். அதில் 12 விழுக்காடான 2,100 ரூபாயை நிறுவனம் தன் பங்காக வருங்கால வைப்பு நிதியில் செலுத்துகிறது, பணிக்கொடைக்கென 4.81 விழுக்காடு, அதாவது சுமார் 842 ரூபாய் ஒதுக்குகிறது; ஆண்டுக்கு 24,000 ரூபாய் செயல்திறன் ஊக்கத்தொகை, மாதக் கணக்கில் 2,000, ஆண்டிறுதி மதிப்பீட்டுக்குப் பின்னரே வரும். இம்மூன்றும் நீங்கினால் மாதச் சம்பளம் ஏறக்குறைய 30,058. அதிலிருந்து உங்கள் பங்கு வைப்பு நிதி 2,100 பிடிக்கப்பட, கைக்கு வருவது சுமார் 27,950 ரூபாய். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில்வரியும் பிடிப்பார்கள். வைப்பு நிதி உங்கள் பெயரில் சேரும் பணம் என்பதையும், பணிக்கொடை நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக ஐந்தாண்டுப் பணிக்குப் பின்னரே கிடைக்கும் என்பதையும் அந்தந்த வரியின் அருகிலேயே எழுதிவிடுங்கள். சென்னையில் விடுதி வாடகையும் சாப்பாடும் போக, 20,000 ரூபாய்ச் சீட்டுக்கு இதில் இடமில்லை.

தகுதிகாண் பருவம் ஆறு மாதம் என்ற வரியைப் பெற்றோர் 'ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரம்' என்று படிப்பார்கள். உங்கள் ஆணையோ, எழுத்து மூலம் உறுதிசெய்யும் வரை அப்பருவம் தொடரும் என்கிறது; அச்சொற்களை விடாமல் தமிழாக்க வேண்டும்.

மிகக் கவனமாக எழுத வேண்டியது முன்னறிவிப்புக் காலம். தகுதிகாண் பருவத்தில் 15 நாள், உறுதிசெய்த பின் 60 நாள் என்பது எளிது. அடுத்து வரும் 'அல்லது அதற்கு ஈடான சம்பளம், நிறுவனத்தின் விருப்பப்படி' என்ற தொடரில்தான் பலர் தவறுகிறார்கள். அதன் கடைசிப் பகுதியை விட்டுவிட்டால், பணத்தைக் கட்டிவிட்டு உடனே விலகலாம் என்ற பொருள் வந்துவிடும். பணத்தை ஏற்பதா, 60 நாளும் வேலை செய்யச் சொல்வதா என்பதை இங்கே நிறுவனமே முடிவு செய்யும். மேலும், ஈடான சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமா, மொத்த மாதச் சம்பளமா என்று ஆணையில் இல்லை. முதலாவதானால் இரண்டு மாதத்துக்கு 35,000 ரூபாய், இரண்டாவதானால் 60,000 ரூபாய்க்குச் சற்று மேல். கையெழுத்திடும் முன் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் பெறுங்கள். அது வரும் வரை உங்கள் தமிழ்ப் படியில் அந்த இடத்தில் 'தெளிவில்லை, கேட்டிருக்கிறேன்' என்றே இருக்கட்டும்.