பண ஆசையா, பணமா: 1 தீமோத்தேயு 6:10

“பணமே எல்லாத் தீமைக்கும் வேர் என்று பைபிளே சொல்கிறதே, அப்படியானால் நான் சேமிப்பதே பாவமா?”

வணக்கம். அந்த வசனத்தின் எழுவாய் பணம் அன்று, “பண ஆசை”. கிரேக்க மூலத்தில் அது “ஃபிலார்குரியா” என்ற ஒரே சொல், அதாவது வெள்ளியின் மேல் கொண்ட பற்று. “வேர்” என்ற சொல்லுக்கு மூலத்தில் ஆங்கில “the” போன்ற சுட்டிடைச்சொல் இல்லை. ஆகவே “ஒரு வேர்” என்றும் கொள்ளலாம், “வேரே அதுதான்” என்றும் கொள்ளலாம், இலக்கணம் மட்டும் இதைத் தீர்த்துவிடாது. நம் பழைய மொழிபெயர்ப்பின் “வேராயிருக்கிறது” அந்த இரட்டைத்தன்மையை அப்படியே காத்திருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் கொலை, பொறாமை எல்லாமே பணத்தால்தான் விளைகின்றன என்று பவுல் கணக்குச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. “எல்லாவிதத் தீமைகளுக்கும்” என்ற வாசிப்பே பொருந்துகிறது.

உங்கள் கேள்விக்கு விடை சுற்றியுள்ள வசனங்களில் இருக்கிறது. ஐந்தாம் வசனம் தேவபக்தியை ஆதாயத்தொழிலாக எண்ணுபவர்களைக் கண்டிக்கிறது. ஒன்பதாம் வசனம் ஐசுவரியவான்களாக விரும்புகிறவர்கள் கண்ணியில் விழுவதைச் சொல்கிறது. பத்தாம் வசனத்தின் பிற்பகுதியோ, அந்த ஆசையால் விசுவாசத்தைவிட்டு வழுவியவர்கள் தங்களைத் தாங்களே “உருவக் குத்திக்கொண்டிருக்கிறார்கள்” என்கிறது, ஈட்டி உடலை ஊடுருவுவதைப் போல. ஆனால் பதினேழு, பதினெட்டாம் வசனங்களில் ஏற்கெனவே செல்வம் உள்ளவர்களிடம் அதைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. இறுமாப்பு கொள்ளாமலும் நிலையற்ற செல்வத்தின்மேல் நம்பிக்கை வைக்காமலும், தாராளமாய்க் கொடுக்கிறவர்களாய் இருக்கும்படியே கட்டளையிடப்படுகிறது. மாதந்தோறும் பிள்ளையின் படிப்புக்கென்று எடுத்து வைக்கும் தொகையை இந்த வசனம் குற்றம் சாட்டவில்லை.