மகன் முந்திப் போனால் அவருக்கு எழுதிய வயல் யாருக்கு?

கேள்வி: எனக்கு 74 வயது, இருப்பது களுவாஞ்சிக்குடி. மனைவி இல்லை. நொத்தாரிசிடம் எழுதிய மரண சாதனத்தில் மகளுக்கு வீடு, நடு மகனுக்கு மூன்று ஏக்கர் வயல், மிச்சம் எல்லாம் இளைய மகனுக்கு என்று இருக்கிறது. போன வருடம் நடு மகன் மாரடைப்பில் போய்விட்டான். அவனுக்கு மனைவியும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வயல் தன்பாட்டில் அவர்களுக்குப் போய்ச் சேருமா?

பதில்: போகாது, ஐயா. இப்போதுள்ள எழுத்து அப்படியே இருந்தால் மூன்று ஏக்கரும் உங்கள் இளைய மகனுக்குத்தான் போகும்.

மரண சாதனம் நீங்கள் கண் மூடும் நேரத்தில்தான் உயிர் பெறுகிறது. அதுவரை நடு மகனுக்கு அந்த வயலில் எந்த உரித்தும் பிறக்கவில்லை; இல்லாத உரித்தை அவர் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும் முடியாது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்குப் பொதுவாகத் தேசவழமை பொருந்தாது. இங்கே ரோமன் டச்சுச் சட்டம்தான். அதன்படி, பெறுபவர் முந்தி இறந்தால் அந்தக் கொடை விழுந்துபோகும். விழுந்தது "மிச்சம் எல்லாம்" என்ற வாசகத்துக்குள் சேரும். உங்கள் சாதனத்தில் அந்த வாசகம் இளையவர் பெயரில் இருக்கிறது.

அந்த வாசகமே இல்லையென்றால், வயல் மட்டும் சாதனம் எழுதாதவரின் சொத்துப்போலப் பிரியும். சீதனக் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மகளுக்கு ஒரு ஏக்கர், இளையவருக்கு ஒரு ஏக்கர், நடு மகனின் பங்கான ஒரு ஏக்கர் பேரப்பிள்ளைகள் இருவருக்கும் அரை அரையாக. மருமகளுக்கு அதிலும் ஒன்றும் இல்லை. மகன் உங்களுக்குப் பிறகு, சொத்து கைக்கு வருமுன், வழக்கு நடக்கும்போதே இறந்திருந்தால் கதை வேறு: உரித்து அவருக்கு வந்துவிட்டதால் அவருடைய வாரிசுகளுக்கு, மனைவி உட்பட, இறங்கியிருக்கும்.

புதிதாக எழுதும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "என் மகனுக்கு, அவர் இறந்த பின் அவர் பிள்ளைகளுக்கு" என்று எழுதிவிடுகிறார்கள். இது மகன் அனுபவித்த பிறகு பிள்ளைகளுக்குக் கைமாற்றும் ஏற்பாடு. இவ்வகை ஏற்பாட்டை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. மகன் முழு உரிமையாளர் ஆகிவிடுவார், பிள்ளைகள் பற்றிய சொல் வெறும் சொல்லாகிவிடும். "எனக்கு முன் இறந்தால்" என்ற மூன்று சொற்கள் இருந்தால் மட்டுமே அது மாற்றுப் பெறுநரை வைப்பதாகும், அதற்குத் தடையில்லை.

உங்களுக்கு இப்போது அந்த நிலையும் கடந்துவிட்டது. பேரப்பிள்ளைகளை நேரடியாகப் பெறுநர்களாக்குங்கள். வாசகம் இப்படி அமையலாம்: "மேற்படி வயலை என் பேரப்பிள்ளைகள் இன்னார், இன்னார் இருவருக்கும் சம பங்காகக் கொடுக்கிறேன். இவர்களில் ஒருவர் எனக்கு முன் இறந்தால், அல்லது நான் இறந்து 30 நாட்களுக்குள் இறந்தால், அவர் பங்கு மற்றவருக்குச் சேர வேண்டும்." இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். "சம பங்காக" என்று பிரித்துச் சொன்னாலே, ஒருவரின் விழுந்த பங்கு மற்றவருக்குப் போகாது என்று பொருள்கொள்ள இடம் வந்துவிடும். 30 நாள் என்பதும் வீண் சொல் அல்ல. 2004 சுனாமியில் நம் கரையோரத்தில் ஒரே வீட்டில் பலர் ஒன்றாகப் போனார்கள். யார் முந்தினார் என்று நிரூபிக்கவேண்டிய தொல்லையை அந்த வரி தவிர்த்துவிடும்.

மருமகளுக்கு, பேரப்பிள்ளைகளில் இளையவர் வளர்ந்து ஆளாகும் வரை ஆதாரம் வேண்டுமென்றால் அதே வயலில் குறித்த காலத்துக்கோ ஆயுளுக்கோ சீவிய உரித்தைத் தனியாக எழுதலாம். மகளுக்கு எழுதிய வீட்டுக்கும், இளையவருக்கு எழுதிய மிச்சத்துக்கும் "எனக்கு முன் இறந்தால் அவர் பிள்ளைகளுக்கு" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் ஏதும் நேரலாம்.

பழைய பிரதியில் பேனையால் பெயரை வெட்டி எழுத வேண்டாம். அது செல்லாது, வழக்குத்தான் வரும். முந்தியவற்றை ரத்துச் செய்கிறேன் என்று தொடங்கும் புதிய சாதனம் ஒன்றை, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இருக்கையில் ஒப்பமிடுங்கள். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். சொத்துப் பெறுபவரையோ அவர் துணையையோ சாட்சியாக வைக்காதீர்கள்.

அதற்கு முன் வயலின் உறுதியை எடுத்துப் பாருங்கள். அது உறுதிக் காணி அல்லாமல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வந்த பேமிற் காணி என்றால், அதை விரும்பியவருக்கெல்லாம் எழுதிவிட முடியாது. தகுதியுள்ள பின்னுரித்தாளரை நியமித்துப் பதிவதுதான் அங்கே முக்கியம்; முறையைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். மகன் பெயர் அங்கே இருந்தால் அதை ரத்துச் செய்து, தகுதியுள்ள வேறொருவரை நியமித்துப் பதிய வேண்டும்.