80 சதவீதத்திலேயே நின்ற மின்சார காருக்கு ஐடில் கட்டணமா?

அண்ணா, கொழிஞ்சாம்பாறை பக்கம் மதியம் சார்ஜ் போட்டேன். 80 சதவீதம்தான் ஏறியிருந்தது, ஆனால் பில்லில், சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காமல் நிறுத்தி வைத்தால் போடும் ஐடில் கட்டணம் 32 ரூபாய். முழுசா ஏறாமலே எப்படி?

உங்கள் பில்லையே பிரித்துப் பார்ப்போம். 22.4 யூனிட், யூனிட்டுக்கு 18 ரூபாய், ஆக 403.20. பிளாட்ஃபார்ம் கட்டணம் 10. ஐடில் 32. கூட்டினால் 445.20, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 80.14, மொத்தம் 525.34. கணக்கில் தப்பில்லை. சிக்கல் உங்கள் காரில், வீட்டில் சார்ஜ் போடும்போது வைத்த 80 சதவீத வரம்பை நீங்கள் எடுக்கவில்லை. வரம்பைத் தொட்டதும் கார் மின்சாரம் இழுப்பதை நிறுத்திவிடும், சார்ஜர் கன் மட்டும் காரில் குத்தியபடியே இருக்கும். சார்ஜர் தன் சர்வருக்கு `SuspendedEV` என்று சொல்லும், அதாவது நான் ரெடி, கார்தான் வாங்கவில்லை. உங்கள் ஆபரேட்டரின் ஐடில் கடிகாரம் ஓடத் தொடங்கியது அங்கேதான், 100-ஐத் தொட்ட பிறகு இல்லை. 1.12-க்கு நின்றது, 1.38-க்குக் கழற்றினீர்கள், 26 நிமிடத்தில் சலுகை 10 போக 16 நிமிடம், நிமிடத்துக்கு 2 ரூபாய். சாப்பாட்டுக்குப் போகும் முன் வரம்பைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, பேட்டரி சூடாகி கார் தானாகவே இடையில் நிறுத்தினாலும் இதே தகவல்தான் போகும். அப்படி வந்த ஐடிலுக்கு நான் சண்டை போடுவேன்.

அதே பில்தான் அண்ணா. சார்ஜ் ஏறும்போது முக்கால் மணி நேரம் ஏசி போட்டு உள்ளேயே இருந்தேன், பிறகுதான் சாப்பிடப் போனேன். என் காரில் பயன்படுத்தக்கூடிய பேட்டரி 35 யூனிட். 22-லிருந்து 80 என்றால் 20.3தானே? மீட்டர் ஏமாற்றுகிறதா?

ஏசி போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! பாலக்காட்டு வெயிலில் அது ஒன்றரை கிலோவாட் இழுத்தாலே ஒரு யூனிட்டுக்கு மேல் போச்சு. மீதி ஒரு யூனிட் பேட்டரி சூட்டிலும், திரை சதவீதத்தை முழு எண்ணாகக் காட்டுவதிலும் அடங்கிவிடும். 10 சதவீதம் வரை வித்தியாசத்துக்கு நான் கவலைப்பட மாட்டேன். 20-ஐத் தாண்டினால், அதே மெஷினில் ஏசி இல்லாமல் இன்னொரு முறை போட்டுப் பார்த்துப் புகார் செய்யுங்கள்.

கோவிந்தாபுரம் தாண்டி ஒரு இடத்தில் கரண்ட் போய் சார்ஜ் நின்றது. கன்னைக் கழற்றிக் கிளம்பிட்டேன், ஆப்பில் செஷன் ஓடிக்கொண்டே இருக்கு!

சார்ஜர் உயிரோடு இல்லாததால் செஷன் முடிந்த தகவல் சர்வருக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கரண்ட் வந்து சார்ஜர் நெட்வொர்க்கில் சேர்ந்ததும் கடைசி மீட்டர் அளவை அனுப்பும், யூனிட் கணக்கு பெரும்பாலும் சரியாகிவிடும். நேரக் கணக்குதான் வம்பு, நீங்கள் கிளம்பிய பிறகும் ஐடில் ஏறியிருக்கலாம். உடனே கஸ்டமர் கேரில் செஷன் எண்ணைச் சொல்லி மூடச் சொல்லுங்கள். அடுத்த முறை இப்படி ஆனால், கன்னை அதன் இடத்தில் மாட்டி, அணைந்த திரையோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்புங்கள், போட்டோவில் நேரம் பதிவாகியிருக்கும்.